பூனை உணவுப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

பூனை உணவு விற்கும் கடையின் அடுக்கிலிருந்து மூன்று பொட்டலங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, மொறுமொறுப்பான சிறு உருண்டைகள் அடங்கிய உலர் உணவுப் பை. அதன் பின்பக்கத்தில் புரதம் குறைந்தபட்சம் 32 சதவீதம் என்றும் ஈரப்பதம் அதிகபட்சம் 10 சதவீதம் என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டாவது, கோழிக்கறித் துண்டுகள் கிரேவியில் மிதக்கும் ஒரு பவுச். அதில் புரதம் 9 சதவீதம், ஈரப்பதம் 82 சதவீதம். மூன்றாவது, சூரை மீன் துண்டுகளை ஜெல்லியில் அடைத்த 70 கிராம் பவுச். அதில் புரதம் 10 சதவீதம், ஈரப்பதம் 86 சதவீதம். இந்த மூன்றும் எந்த நிறுவனத்தின் பொருட்களும் அல்ல. கடைகளில் வழக்கமாகக் காணப்படும் அளவுகளை ஒட்டி, விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. இவற்றில் எதை ஒரு பூனைக்கு அன்றாட உணவாக நம்பிக் கொடுக்கலாம் என்பதை முன்பக்கப் படத்தைப் பார்க்காமல், பின்பக்க எழுத்துகளை மட்டும் கொண்டு கண்டுபிடிக்க முயல்வோம்.

பெரும்பாலோர் முதலில் தேடுவது புரதத்தின் அளவைத்தான். பூனை முழுமையான ஊனுண்ணி என்பதாலும், நாயையும் மனிதரையும் விட அதன் உடல் அதிகப் புரதத்தைக் கோருகிறது என்பதாலும் அந்தத் தேடல் நியாயமானதே. ஆனால் மேலே உள்ள மூன்று எண்களையும் அப்படியே அருகருகே வைத்துப் பார்த்தால், உலர் உணவில் மற்ற இரண்டையும் விட மூன்று மடங்குக்கு மேல் புரதம் இருப்பதாகத் தோன்றும். அது உண்மையல்ல. பொட்டலத்தில் குறிக்கப்படும் சதவீதம், தண்ணீரையும் சேர்த்த மொத்த எடையில் கணக்கிடப்படுவது. பவுச்சில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் அங்கே எல்லாச் சத்துகளின் சதவீதமும் சிறுத்துத் தெரிகிறது. ஆகவே ஒப்பிடுவதற்கு முன் தண்ணீரைக் கழித்துவிட வேண்டும். இவ்வாறு நீர் நீக்கிய பின் எஞ்சும் பகுதியை உலர்பொருள் என்பார்கள்.

கணக்கு எளிது. நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்தால் உலர்பொருளின் அளவு கிடைக்கும். புரத எண்ணை அந்த அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் உலர்பொருளில் புரதம் எத்தனை சதவீதம் என்பது தெரிந்துவிடும். உலர் உணவில் நூறிலிருந்து 10 போக 90 மிஞ்சுகிறது; 32ஐ 90ஆல் வகுக்க ஏறத்தாழ 35.6 சதவீதம். கோழி கிரேவியில் நூறிலிருந்து 82 போக 18. 9ஐ 18ஆல் வகுக்க 50 சதவீதம். சூரை மீன் பவுச்சில் மிஞ்சுவது 14 மட்டுமே. 10ஐ 14ஆல் வகுக்க 71 சதவீதத்தைத் தாண்டுகிறது. முதலில் உச்சியில் தெரிந்த உலர் உணவு கடைசி இடத்துக்குப் போய்விட்டது.

இந்த விடைகளை எதனுடன் ஒப்பிடுவது? அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்தையும் செல்லப்பிராணி உணவையும் கண்காணிக்கும் மாநில, மத்திய அதிகாரிகளின் சங்கம் ஒன்று 1909ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆஃப்கோ என்று அழைப்பார்கள். இந்தியாவில் விற்கும் பூனை உணவுப் பொட்டலங்கள் பலவற்றிலும் இந்தப் பெயரைக் காணலாம். அந்தச் சங்கத்தின் சத்து அட்டவணை, வளர்ந்த பூனையின் உணவில் உலர்பொருள் கணக்கில் குறைந்தது 26 சதவீதமும், வளரும் குட்டிக்கும் சினைப்பூனைக்கும் பாலூட்டும் பூனைக்கும் உரிய உணவில் குறைந்தது 30 சதவீதமும் புரதம் இருக்க வேண்டும் என்கிறது. நம்முடைய மூன்று பொட்டலங்களும் இந்த இரண்டு வரம்புகளையும் எளிதாகத் தாண்டிவிடுகின்றன. அதாவது, புரத எண்ணைக் கொண்டு இவற்றுள் எதையும் விலக்க முடியாது. அந்த எண்ணிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் தவறு. அது ஏன் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

ஒரு காரணம், அச்சிடப்படும் எண் உண்மையான அளவு அல்ல, உற்பத்தியாளர் உறுதியளிக்கும் வரம்பு. புரதத்துக்கும் கொழுப்புக்கும் குறைந்தபட்ச அளவையும், நார்ச்சத்துக்கும் ஈரப்பதத்துக்கும் அதிகபட்ச அளவையும் குறிப்பிடுவார்கள். 32 என்று போட்ட பையில் 34 இருக்கலாம். 86 சதவீத ஈரப்பதம் என்ற பவுச்சில் உண்மையில் 83 இருக்கலாம். ஈரமான உணவில் இந்தச் சிறு வேறுபாடு கூடக் கணக்கின் விடையை வெகுவாக மாற்றிவிடும்: சூரை மீன் பவுச்சின் ஈரப்பதம் 83 சதவீதமாக இருந்தால், அதே 10 சதவீதப் புரதம் உலர்பொருளில் 71 அல்ல, 59 சதவீதம் ஆகிவிடுகிறது. எனவே இரண்டு உணவுகளின் விடைகள் ஐந்தாறு புள்ளிகளே விலகி நின்றால், அதை வைத்து ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று முடிவு கட்டுவதில் பொருளில்லை.

இன்னொரு காரணம், பொட்டலத்தில் புரதம் என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் 'க்ரூட்' என்ற அடைமொழியில் இருக்கிறது. ஆய்வகத்தில் உணவிலுள்ள புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கும் என்ற அடிப்படையில் அதை 6.25ஆல் பெருக்கிச் சொல்கிறார்கள். இந்தக் கணக்குக்குக் கோழியின் மார்புக்கறியும் இறகும் ஒன்றுதான்; நைட்ரஜன் இருந்தால் போதும், பூனையின் குடல் அதைச் செரிக்குமா என்பது அதற்குத் தெரியாது. இதன் விளைவை 2007ஆம் ஆண்டு அமெரிக்கா கசப்பாக அறிந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரத மாவில், நைட்ரஜன் மிகுந்த மெலமின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்திருந்தது. அது புரதமே இல்லாவிட்டாலும் ஆய்வகக் கணக்கில் புரதமாகவே பதிவானது. மெலமினும் அதனுடன் இருந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் படிகங்களாகப் படிந்ததால் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. பல்வேறு நிறுவனப் பெயர்களில் விற்ற உணவுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இது கலப்படத்தால் நேர்ந்த அரிய நிகழ்வு என்பது உண்மையே. ஆயினும், எண் சரியாக இருந்தும் உணவு நஞ்சாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

புரதத்தின் அளவு தெரிந்துவிட்டது, அது எங்கிருந்து வருகிறது என்பதை அறிய மூலப்பொருள் பட்டியலுக்குப் போக வேண்டும். பட்டியல் எடையின் இறங்கு வரிசையில் இருக்கும். அந்த எடை, பொருளைக் கலவையில் சேர்த்த நேரத்தில், அதன் தண்ணீரோடு சேர்த்து எடுத்தது. பச்சைக் கோழிக்கறியில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர் என்பதால், உலர் உணவுப் பையின் பட்டியலில் கோழிக்கறி முதலிடத்தில் இருந்தாலும், சுட்டு உலர்த்திய உருண்டையில் அதன் பங்கு வெகுவாகக் குறைந்திருக்கும். அடுத்த வரிசையில் உள்ள 'சிக்கன் மீல்', அதாவது நீரும் கொழுப்பும் நீக்கிப் பொடியாக்கிய கோழி, உண்மையில் அதைவிட அதிகப் புரதம் தந்திருக்கக்கூடும். இதைத் தவிரப் பட்டியலின் வரிசையிலிருந்து அதிகம் ஊகிக்க முயலாமல் இருப்பது நல்லது.

இந்தப் பட்டியலில்தான் பலரை முகம் சுளிக்கவைக்கும் 'பை-ப்ராடக்ட்ஸ்' என்ற சொல் வருகிறது. கழிவு, குப்பை, இறைச்சிக் கடையில் தூக்கியெறிவது என்றெல்லாம் இதற்குப் பொருள் சொல்லப்படுவதுண்டு. ஆஃப்கோவின் வரையறை வேறு. இறைச்சி என்ற பெயரில் அது ஏற்றுக்கொள்வது தசையையும், நாக்கு, இதயம், உதரவிதானம், உணவுக்குழாய் ஆகியவற்றையும் மட்டுமே. அறுக்கப்பட்ட விலங்கின் நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம், மூளை, ஈரல், இரத்தம், எலும்பு, உள்ளிருப்பதை வெளியேற்றிச் சுத்தம் செய்த இரைப்பையும் குடலும் ஆகிய அனைத்தும் துணைப்பொருட்கள். முடி, கொம்பு, பல், குளம்பு ஆகியவை இதில் சேராது. கோழியைப் பொறுத்தவரை தலை, கால், உள்ளுறுப்புகள் ஆகியவை சேரும், இறகு சேராது.

ஆட்டின் ஈரலையும் சுவரொட்டியையும் இரத்தப் பொரியலையும் கேட்டு வாங்கிச் சாப்பிடும் தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தப் பட்டியலில் அருவருக்க அதிகம் இல்லை. குடல் குழம்புக்கும் தலைக்கறிக்கும் தனி மதிப்புள்ள ஊரில், மார்புக்கறி மட்டும்தான் உணவு என்ற எண்ணம் இறக்குமதியானது என்றே நினைக்கிறேன். பூனையின் தேவையைக் கொண்டு பார்த்தாலும் இது பொருந்துகிறது. எலியைப் பிடிக்கும் பூனை தசையை மட்டும் தனியே பிரித்துத் தின்பதில்லை. ஈரலிலிருந்து வைட்டமின் ஏ கிடைக்கிறது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வதுபோல் பூனையின் உடலால் மாற்றிக்கொள்ள முடியாது என்பதால், அதற்கு ஈரல் போன்ற விலங்கு மூலம் தேவை. எலும்பிலிருந்து கால்சியம் கிடைக்கிறது. தசைக்கறியில் இந்த இரண்டும் மிகக் குறைவு.

ஆகவே இச்சொல் இருப்பதாலேயே ஓர் உணவை ஒதுக்க வேண்டியதில்லை. ஐயம் கொள்ள வேண்டிய இடம் வேறு. ஈரலும் துணைப்பொருள்தான், கோழிக்காலும் துணைப்பொருள்தான். முன்னதில் சத்து மிகுதி, பின்னதில் பெரும்பகுதி எலும்பும் தோலும் குருத்தெலும்பும். ஒரு பொட்டலத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்பதையோ, அடுத்த முறை தயாரிக்கும்போது அதே விகிதம் இருக்குமா என்பதையோ இந்தப் பொதுப்பெயர் சொல்வதில்லை. அந்த வகையில், விலங்கின் பெயரைக் குறிப்பிடும் 'சிக்கன் பை-ப்ராடக்ட்ஸ்' என்பது, எந்த விலங்கு என்றே சொல்லாத 'மீட் பை-ப்ராடக்ட்ஸ்' என்பதை விடச் சற்று மேலான தகவல். 'சிக்கன் லிவர்' என்று உறுப்பையே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இன்னும் மேல். குறிப்பாக, ஏதேனும் ஒரு புரதம் ஒவ்வாமல் அரிப்போ வயிற்றுப்போக்கோ வரும் பூனைக்கு விலங்கின் பெயர் தெரியாத உணவை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான்.

இதுவரை படித்ததில், சூரை மீன் பவுச் எல்லா வகையிலும் முன்னணியில் நிற்கிறது. உலர்பொருளில் புரதம் மிக அதிகம். மூலப்பொருட்களோ சூரை மீன், தண்ணீர், ஜெல்லியைக் கெட்டியாக்கும் பொருள் என்று மூன்றே மூன்று. துணைப்பொருள் என்ற சொல்லே இல்லை. ஆனால் பொட்டலத்தின் ஓரத்தில், மிகச் சிறிய எழுத்தில், ஒரு வரி இருக்கிறது: 'காம்ப்ளிமென்டரி பெட் ஃபுட்'. அமெரிக்க முறையில் அச்சிட்டிருந்தால் இதே இடத்தில், இடையிடையே கொடுக்கவோ துணையாகக் கொடுக்கவோ மட்டும் என்ற பொருளுள்ள வாக்கியம் இருக்கும். மற்ற இரண்டு பொட்டலங்களிலும் அதற்கு மாறாக 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற தொடர் காணப்படுகிறது. பின்பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் தீர்ப்பு வழங்கும் வலிமை இந்த வரிக்குத்தான் உண்டு.

இத்தொடரில் உள்ள இரண்டு சொற்களுக்கும் தனித்தனிப் பொருள் உண்டு. பூனைக்குத் தேவையான எல்லாச் சத்துகளும் இருந்தால் முழுமை. அவை ஒன்றுக்கொன்று பொருந்திய விகிதத்தில் இருந்தால் சமநிலை. அதாவது, தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் இந்த உணவை மட்டுமே கொடுத்தாலும் பூனை நலமாக வாழும் என்பது உற்பத்தியாளர் தரும் உறுதி. சூரை மீன் தசை மட்டும் உள்ள பவுச்சில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதையே நாள்தோறும் தின்று வளரும் குட்டியின் உடல், இரத்தத்தில் கால்சியத்தின் அளவு குறையாமல் காக்க எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். விளைவாக எலும்பு மெலிந்து, மேசையிலிருந்து குதித்தாலே முறியும் நிலை வரும். 71 சதவீதப் புரதம் இதைத் தடுக்காது.

முழுமை என்ற உறுதிமொழியைத் தருவதற்கு இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. எந்த வழி என்பதை வாக்கியத்தின் அமைப்பே காட்டிவிடும். ஆஃப்கோவின் சத்து அட்டவணையில் உள்ள அளவுகளுக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டது என்று இருந்தால், தயாரிப்பு முறையின் கணக்கின்படியோ ஆய்வகச் சோதனையின்படியோ எல்லாச் சத்துகளும் அட்டவணைக்குள் அடங்குகின்றன என்று பொருள். உணவூட்டும் சோதனைகள் மூலம் உறுதிசெய்யப்பட்டது என்று இருந்தால், உண்மையான பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். வளர்ந்த பூனைக்கான சோதனை குறைந்தது எட்டுப் பூனைகளைக் கொண்டு 26 வாரங்கள் நடக்கும். எடை குறைகிறதா என்று பார்ப்பதுடன், இரத்தத்தில் டாரின் உள்ளிட்ட சிலவற்றையும் அளப்பார்கள். எட்டுப் பூனைகள், ஆறு மாதம் என்பது சிறிய சோதனைதான். பத்தாண்டுகளில் வெளிப்படும் குறையை அது காட்டாது. ஆனால் கணக்கில் சரியாக இருந்து, உடலில் சேராமல் போகும் சத்தை அதனால் காட்ட முடியும்.

அப்படி ஒரு சத்து உண்மையிலேயே தப்பிப்போயிருக்கிறது. டாரின் ஓர் அமினோ அமிலம். பூனையின் உடல் அதைப் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. 1980களில் அமெரிக்காவில் நிறுவனங்கள் தயாரித்த, அன்றைய அளவுகோல்களின்படி போதுமானவை என்று கருதப்பட்ட உணவுகளைத் தின்ற பூனைகள் பல, இதயத் தசை தளர்ந்து விரியும் நோயால் இறந்துகொண்டிருந்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் பால் பியோனும் அவருடைய குழுவினரும், அந்தப் பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருப்பதையும், டாரினைக் கொடுத்தவுடன் பல பூனைகளின் இதயம் தேறி வருவதையும் 1987இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். உணவில் டாரின் இல்லாமல் இல்லை. இருந்த அளவு போதவில்லை. டப்பாவில் அடைத்துச் சூடேற்றிய உணவைத் தின்னும்போது குடலில் உள்ள நுண்ணுயிரிகள் டாரினை அதிகமாகச் சிதைத்துவிடுகின்றன என்பது பின்னர் தெளிவானது. அதனால்தான் இன்றைய ஆஃப்கோ அட்டவணை, உலர்பொருள் கணக்கில், உருண்டை உணவுக்கு 0.10 சதவீத டாரினையும் டப்பா உணவுக்கு அதைப்போல இரு மடங்காக 0.20 சதவீதத்தையும் கேட்கிறது. மூலப்பொருள் பட்டியலின் கடைசியில் டாரின் என்று பார்த்து, இதென்ன ரசாயனம் என்று அஞ்சுவோர் உண்டு. அது அங்கே இருப்பதுதான் நல்லது.

இந்த வரியைப் படிக்கும்போது அதன் இறுதிப் பகுதியையும் விடக்கூடாது. எந்த வாழ்நிலைக்கு முழுமையானது என்பது அங்கேதான் இருக்கும். வளர்ந்த பூனையின் பராமரிப்புக்கு என்று இருந்தால், அது நான்கு மாதக் குட்டிக்கோ பாலூட்டும் பூனைக்கோ முழுமையானது அல்ல. எல்லா வாழ்நிலைகளுக்கும் என்று இருந்தால், அது குட்டிக்கான கடுமையான அளவுகளைத் தாண்டியிருக்க வேண்டும். எனவே குட்டிக்குக் கொடுக்கலாம், ஆனால் வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கும் கருத்தடை செய்த பூனைக்குத் தாராளமாகக் கொட்டினால் எடை கூடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் உணவுகளிலும் அந்த முறையைப் பின்பற்றும் பொட்டலங்களிலும் ஆஃப்கோவின் பெயர் இருக்காமல் போகலாம். அங்கே முழு உணவா துணை உணவா என்பதைக் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம் என்பதால், 'கம்ப்ளீட்' அல்லது 'காம்ப்ளிமென்டரி' என்ற ஒற்றைச் சொல்லைத் தேடினால் போதும். இரண்டும் எழுத்தில் நெருங்கியவை. அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடுவது எளிது. ஆஃப்கோ ஒப்புதல் பெற்றது என்று எவரேனும் விளம்பரம் செய்தால் அதையும் சற்று நின்று பார்க்க வேண்டும்: அந்தச் சங்கம் எந்த உணவையும் சோதிப்பதோ அங்கீகரிப்பதோ சான்றளிப்பதோ இல்லை. அது அளவுகளை வகுக்கிறது. அந்த அளவுகளுக்குள் தன் உணவு அடங்குகிறது என்று சொல்வது உற்பத்தியாளர்.

இப்போது நம் மூன்று பொட்டலங்களுக்குத் திரும்பினால், உலர் உணவும் கோழி கிரேவியும், வாழ்நிலை பொருந்துமானால், அன்றாட உணவாகத் தகுதி பெறுகின்றன. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பூனைக்கும், சிறுநீர்ப்பாதையில் தொல்லை வந்த பூனைக்கும் கிரேவி உணவின் ஈரம் உதவும். உலர் உணவு கெடாமல் நிற்கும், விலையும் குறைவு. இரண்டையும் கலந்து கொடுப்பதிலும் தடையில்லை, ஏனெனில் இரண்டுமே தனித்தனியே முழுமையானவை.

சூரை மீன் பவுச்சைத் தின்பண்டமாகக் கொடுக்கலாம், ஆனால் அளவோடு. முழுமையற்ற உணவுகள் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. வீட்டுக்குள் வாழும் நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்கு 20. கொழுப்பு மிகக் குறைவாக உள்ள இந்த 70 கிராம் பவுச்சில் சுமார் 30 முதல் 35 கிலோகலோரி வரை இருக்கும். எனவே ஒரு நாளைக்கு அரைப் பவுச்சைச் சற்று தாண்டலாம், அவ்வளவுதான். கொடுத்த அளவுக்கு ஈடாக அன்றைய உலர் உணவைக் கொஞ்சம் குறைத்துவிட வேண்டும். மிஞ்சியதை மூடி குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாள் கொடுக்கலாம்.